குறியீடுகளை எங்கே எழுதுவது? தரவு அகராதிக்கு மூன்று வழிகள்

“நெடுவரிசைப் பெயர், வகை, என்னென்ன போடலாம் என்று துண்டு துண்டாகக் குறித்து வைத்திருக்கிறேன். இதை ஒழுங்கான ஒரு டேபிளாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போடவா, பிரிக்கவா?” இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் எழுத நினைப்பது தரவு அகராதி, அதாவது ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன இருக்கும் என்று விளக்கும் டேபிள். கேட்பவர்கள் எல்லோரும் நிற்கும் இடம் ஒன்றுதான். பெயரும் வகையும் எழுதுவது எளிது. ‘அனுமதித்த மதிப்புகள்’ என்ற நெடுவரிசைக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

அதை எழுத மூன்று வழிகள் உண்டு. மதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே செல்லுக்குள் அடக்கலாம். அவற்றைப் பிரித்து இரண்டாவது டேபிளில் வைக்கலாம். அல்லது நிரல் நேரடியாகப் படிக்கும் ஸ்கீமா கோப்பாக எழுதலாம். நான் சமீபத்தில் கையாண்ட ஒரு பதிவேட்டை வைத்தே மூன்றையும் பார்ப்போம். கருவிகளைப் பழுதுபார்க்கும் இடத்துப் பதிவேடு அது. 640 வரிசைகள். அதை எழுதி வந்தவர் எனக்குக் கொடுத்த குறிப்பு இப்படி இருந்தது:

> வேலை எண் – 4 இலக்க எண், திரும்ப வராது
> வந்த தேதி
> நிலை – வந்தது, பார்க்கிறோம், பாகம் வரணும், முடிந்தது
> உத்தரவாதம் – ஆம் / இல்லை, தெரியலன்னா காலி
> பணம் வந்ததா, ரசீது கொடுத்ததா – Y / N
> செலவு – எண். இலவசம்னா 0, தெரியலன்னா -1
> திருப்தி – 1-5

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். முதலாவதுதான் கனமானது: ஒரு குறியீட்டின் அர்த்தம் காலப்போக்கில் மாறுமா? புதிய குறியீடு சேருவது பெரிய விஷயமில்லை, கடைசியில் ஒன்றைச் சேர்த்தால் ஆயிற்று. அதே சொல் போன வருடம் ஒன்றையும் இந்த வருடம் வேறொன்றையும் குறித்தால்தான் தலைவலி.

இரண்டாவது, ஒரே பட்டியல் பல நெடுவரிசைகளுக்கு வருமா? ஆம்/இல்லை போன்றவை வழக்கமாக வரும். மூன்றாவது, தரவு அகராதிப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கப்போவது கண்ணா, நிரலா? நான்காவது, நீங்கள் நகர்ந்த பிறகு இதைத் திருத்தப்போவது யார், அவருக்கு என்ன மென்பொருள் கைவரும்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. அகராதிகள் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

## தேர்வுக்கு முன்னால் ஓர் எண்ணிக்கை

எந்த வழியை எடுத்தாலும், குறிப்பை அப்படியே டேபிளுக்கு மாற்றாதீர்கள். குறிப்பு என்பது எழுதியவர் நினைவில் இருப்பது. தரவில் இருப்பது வேறாக இருக்கலாம். மூன்று வரி நிரல் போதும்:

```python
import pandas as pd
d = pd.read_csv("jobs.csv", dtype=str)
print(d["status"].value_counts(dropna=False))
```

`dtype=str` என்பதை விட்டுவிட்டால் `0417` என்ற வேலை எண் `417` ஆகிவிடும். அங்கேயே குறிப்பின் முதல் பிழை வெளிப்படுகிறது. வேலை எண்ணை அவர் ‘எண்’ என்கிறார், ஆனால் அதை யாரும் கூட்டப்போவதில்லை, சராசரி எடுக்கப்போவதில்லை. அப்படிப்பட்ட எண்ணுக்கு அகராதியில் வகை ‘எழுத்து’ என்றே எழுத வேண்டும்.

நிலை நெடுவரிசைக்குக் குறிப்பில் நான்கு மதிப்புகள். தரவில் வந்தது இது:

| மதிப்பு | வரிசைகள் |
|---|---|
| முடிந்தது | 391 |
| வந்தது | 64 |
| கொடுத்தாச்சு | 58 |
| பார்க்கிறோம் | 41 |
| பாகம் வரணும் | 29 |
| கொடுத்தாச்சு | 23 |
| முடிந்தது (பின்னால் ஓர் இடைவெளி) | 17 |
| காலி | 11 |
| திருப்பி அனுப்பியது | 6 |

‘கொடுத்தாச்சு’ ஏன் இரண்டு முறை? திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பக்கத்தில் `=LEN(D2)` என்று போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு 12, மற்றதற்கு 13 வரும். ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம் (U+0BCA), ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம் (U+0BC6, U+0BBE). இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டினால் இப்படி நேரலாம். பைத்தானுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். அதனால்தான் தமிழ்ச் சொல்லையே மதிப்பாக வைக்காமல் `GIVEN` மாதிரி சிறிய குறியீடு ஒன்றை வைத்து, தமிழை அர்த்தப் பகுதியில் எழுதச் சொல்கிறேன். தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் முதலில் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், அது இரண்டையும் ஒரே குறியாக்கிவிடும்.

அடுத்த சந்தேகம்: ‘முடிந்தது’, ‘கொடுத்தாச்சு’ இரண்டும் ஒன்றா? அவரிடமே கேட்டேன்.

“இல்ல சார், முடிஞ்சதுன்னா வேலை முடிஞ்சு அலமாரில இருக்கு. கொடுத்தாச்சுன்னா ஆள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப குறிப்புல ஏன் இல்ல?”

“அது 2023 ஜூலைல இருந்துதான் பிரிச்சு எழுதுறோம். அதுக்கு முன்னாடி எல்லாமே முடிஞ்சதுதான்.”

ஆக, 2023 ஜூலைக்கு முன் ‘முடிந்தது’ என்றால் ஒன்று, பின் வேறு. காலியாக இருந்த 11 வரிசைகளையும் காட்டினேன். திறந்தே பார்க்காமல் திருப்பி அனுப்பிய கருவிகளாம். அதற்கு ஒரு சொல் இல்லாததால் காலியாக விட்டிருக்கிறார். இந்த இரண்டு பதில்களும்தான் அகராதியின் உண்மையான சரக்கு. எந்த வழி இவற்றைத் தாங்கும் என்று இனிப் பார்க்கலாம்.

## வழி 1: எல்லாம் ஒரே செல்லில்

நெடுவரிசைக்கு ஒரு வரிசை, மதிப்புகள் அனைத்தும் ஒரு செல்லில்:

| பெயர் | வகை | கட்டாயம் | அனுமதித்த மதிப்புகள் |
|---|---|---|---|
| `job_no` | எழுத்து | ஆம் | 4 இலக்கம், தனித்தது |
| `paid` | எழுத்து | ஆம் | `Y`, ஆம்; `N`, இல்லை; `U`, தெரியாது |
| `rating` | முழு எண் | இல்லை | 1 முதல் 5 வரை |

ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். அச்செடுத்து மேசையில் ஒட்டலாம். புதிதாக வருபவருக்கு விளக்கம் தேவைப்படாது. மருத்துவ ஆய்வுகளில் புழங்கும் ரெட்கேப் மென்பொருளின் தரவு அகராதியும் இந்த வகைதான். அதில் ஒரே செல்லில் `1, Yes | 2, No` என்று குழாய்க்குறி போட்டுப் பிரிக்கிறார்கள். பிரிக்கும் குறி எது என்று ஒருமுறை முடிவு செய்து அதிலேயே நின்றால் இந்த வழி நன்றாகவே ஓடும். காற்புள்ளியை மட்டும் பிரிக்கும் குறியாக வைக்காதீர்கள், அது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு எக்செல்லிடமிருந்து வரும். குறிப்பில் இருந்த `1-5` என்பதை அப்படியே செல்லில் தட்டினேன். எக்செல் அதைத் தேதியாக்கி மே 1 என்று காட்டியது. (மாதத்தை முன்னால் எழுதும் அமைப்புள்ள கணினியில் ஜனவரி 5 ஆகியிருக்கும்.) பிறகு செல்லை ‘எழுத்து’ வகைக்கு மாற்றினால் `1-5` திரும்ப வராது, `45778` போன்ற ஓர் எண்தான் நிற்கும். 2025 மே 1-க்கான வரிசை எண் அது. அகராதியில் நடுவே சம்பந்தமில்லாமல் ஓர் ஐந்து இலக்க எண் நின்றால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ என்று அமைத்துவிடுங்கள். அதைவிட, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு நெடுவரிசை வைத்து `1`, `5` என்று தனித்தனியே எழுதினால் இந்தத் தொல்லையே கிடையாது.

இதைவிடப் பெரிய குறை, ‘எப்போதிலிருந்து’ என்று எழுத இங்கே இடமில்லை. ‘முடிந்தது’ பற்றிய கதையை அந்தச் செல்லுக்குள் திணித்தேன். நான்கு வரி வாக்கியம் ஒன்று உருவானது. மனிதர் படிக்கலாம், நிரலால் பிரிக்க முடியாது, இன்னொரு மாற்றம் வந்தால் ஆறு வரியாகும். ஆம்/இல்லை பட்டியலையும் மூன்று நெடுவரிசைகளுக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. ஒன்றில் `U` சேர்க்க மறந்தேன். மறந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

இருபது நெடுவரிசைக்குள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து குறியீடு, ஒரே ஒரு முறை செய்து முடித்த கணக்கெடுப்பு என்றால் இதுவே போதும். அதற்குமேல் கட்டுவது வீண் வேலை.

## வழி 2: இரண்டு டேபிள்

முதல் டேபிளில் நெடுவரிசைக்கு ஒரு வரிசை. குறியீடுகளுக்குப் பதில் பட்டியலின் பெயர் மட்டும்:

| பெயர் | வகை | கட்டாயம் | பட்டியல் |
|---|---|---|---|
| `status` | எழுத்து | ஆம் | `st` |
| `warranty` | எழுத்து | ஆம் | `yn` |
| `paid` | எழுத்து | ஆம் | `yn` |
| `receipt` | எழுத்து | ஆம் | `yn` |

இரண்டாவது டேபிளில் குறியீட்டுக்கு ஒரு வரிசை, அவற்றில் சில:

| பட்டியல் | குறியீடு | அர்த்தம் | முதல் | வரை |
|---|---|---|---|---|
| `st` | `DONE0` | வேலை முடிந்தது. கொடுத்ததா என்பது பதிவில் இல்லை | | 2023-06-30 |
| `st` | `DONE` | வேலை முடிந்தது, அலமாரியில் இருக்கிறது | 2023-07-01 | |
| `st` | `GIVEN` | உரியவர் வாங்கிச் சென்றார் | 2023-07-01 | |
| `st` | `UNOP` | திறக்காமலே திருப்பி அனுப்பியது | | |
| `yn` | `Y` | ஆம் | | |
| `yn` | `N` | இல்லை | | |
| `yn` | `U` | கேட்டும் தெரியவில்லை | | |

வழி 1-இல் நான்கு வரி வாக்கியமாகக் கிடந்தது இங்கே இரண்டு தேதிகளாகிவிட்டது. `yn` பட்டியலை ஒரு முறை திருத்தினால் மூன்று நெடுவரிசைக்கும் சேர்த்துத் திருந்திவிடும். களத்தில் படிவங்கள் செய்யப் பயன்படும் எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் இதே அமைப்புதான்: `survey` தாளில் கேள்விகள், `choices` தாளில் `list_name` சொல்லிக் குறியீடுகள். அதில் பழகியவருக்கு இது புதிதாகவே தெரியாது.

இன்னொரு லாபமும் உண்டு. எக்செல்லில் தரவு உள்ளிடும் தாளின் டிராப்-டவுனை நேராக இந்தக் குறியீட்டு டேபிளுடன் இணைத்துவிடலாம். பட்டியலைப் பெட்டியிலேயே தட்டினால் 255 எழுத்துக்கு மேல் போகாது, இணைத்தால் அந்த வரம்பு இல்லை. அகராதியும் படிவமும் ஒரே இடத்திலிருந்து வருவதால் ஒன்று மாறி மற்றது பழையதாக நிற்காது. ஆனால் டிராப்-டவுன் இருக்கிறதே என்று முழுதும் நம்ப வேண்டாம். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எக்செல் அதைச் சரிபார்க்காமலே ஏற்றுக்கொள்ளும்.

செலவு என்ன? இரண்டு டேபிளும் ஒன்றாகவே பயணம் செய்ய வேண்டும். எக்செல்லில் சி.எஸ்.வி.யாகச் சேமித்தால் திறந்திருக்கும் தாள் மட்டும்தான் போகும். அகராதியை அனுப்பிவிட்டதாக நினைத்து, `st` என்றால் என்ன என்றே தெரியாத ஒரு கோப்பை அனுப்பியிருப்பீர்கள். நானும் அனுப்பியிருக்கிறேன். அடுத்து, முதல் டேபிளில் இருக்கும் பட்டியல் பெயர் இரண்டாவதில் இல்லாமல் போகலாம். குறியீட்டு டேபிள் `codes` என்ற தாளிலும் பட்டியல் பெயர் முதல் டேபிளின் D நெடுவரிசையிலும் இருக்கிறது என்றால் அதற்குப் பக்கத்தில் இதைப் போட்டு வையுங்கள்:

```
=COUNTIF(codes!A:A, D2)
```

பட்டியல் பெயர் உள்ள வரிசையில் 0 வந்தால் அந்தப் பட்டியல் அனாதை. அப்புறம், படிப்பவர் ஒரு நெடுவரிசையைப் புரிந்துகொள்ள இரண்டு தாளுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். சிறிய தொல்லைதான், ஆனால் சிறிய தரவுக்கு அந்தத் தொல்லையும் அதிகம்.

குறியீடு தேர்ந்தெடுக்கும்போது `NA` என்று மட்டும் வைக்காதீர்கள். ‘பொருந்தாது’ என்பதற்குக் கை தானாக அதைத்தான் தட்டும். பாண்டாஸின் `read_csv`, ஆர் மொழியின் `read.csv` இரண்டுமே இயல்பாக அதைக் காலி என்று எடுத்துக்கொள்ளும். ‘பொருந்தாது’, ‘தெரியாது’, ‘எழுதவில்லை’ மூன்றையும் பிரித்த உழைப்பு ஒரே நொடியில் கலந்துபோகும்.

## வழி 3: ஸ்கீமா கோப்பு

மூன்றாவது வழியில் அகராதியே ஒரு ஜேசன் கோப்பு. ஃப்ரிக்‌ஷன்லெஸ் குழுவின் டேபிள் ஸ்கீமா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் நிலை நெடுவரிசை:

```json
{
  "name": "status",
  "type": "string",
  "constraints": {
    "required": true,
    "enum": ["NEW", "CHK", "PART", "DONE0",
             "DONE", "GIVEN", "RET", "UNOP"]
  }
}
```

`frictionless validate jobs.csv --schema schema.json` என்று ஓட்டினால், பட்டியலில் இல்லாத மதிப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்லிவிடும். பின்னால் இடைவெளியோடு வந்த அந்த 17 ‘முடிந்தது’க்களை மனிதக் கண் ஒருபோதும் பிடிக்காது, இது முதல் ஓட்டத்திலேயே பிடிக்கும். வேலை எண்ணுக்கு `pattern`, `unique`, திருப்திக்கு `minimum`, `maximum` என்று ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் `enum` பட்டியலில் குறியீடு மட்டும்தான். `UNOP` என்றால் என்ன என்று அங்கே எழுத வழியில்லை. ஆக, `enum` மட்டும் என்றால் அர்த்தத்தை வேறோர் இடத்தில் எழுத வேண்டும், மறுபடியும் இரண்டு இடம். `DONE0` 2023 ஜூலைக்கு முந்தைய வரிசைகளில் மட்டுமே வரலாம் என்ற விதியையும் இந்தக் கட்டுப்பாடுகளால் சொல்ல முடியாது, அவை ஒரு நெடுவரிசையைத் தாண்டிப் பார்ப்பதில்லை. செலவில் வரும் `-1`ஐக் காலி என்று சொல்ல `missingValues` பட்டியலில் சேர்க்கலாம். மேல்மட்டத்தில் சேர்த்தால் எல்லா நெடுவரிசைக்கும் அது பொருந்தும். வேறெங்காவது `-1` உண்மையான மதிப்பாக இருந்தால் அதுவும் மறைந்துபோகும்.

இந்த `-1` பழக்கத்தை எந்த வழியிலும் நான் விட்டுவைப்பதில்லை. 400, 0, -1 என்று மூன்று செலவுகள் இருந்தால் சராசரி 133 என்று வரும். தெரிந்த இரண்டையும் மட்டும் எடுத்தால் 200. விடை பார்க்கச் சரியாகவே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். செலவைக் காலியாக விட்டு, ‘ஏன் காலி’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு குறியீட்டு நெடுவரிசை வைப்பது நல்லது.

ஸ்கீமாவின் பெரிய செலவு ஆள். குறியீடுகளின் அர்த்தம் தெரிந்தவர் பதிவேடு எழுதுபவர். அவரிடம் ஜேசன் கோப்பைக் கொடுத்து ஒரு குறியீடு சேர்க்கச் சொன்னால் ஒரு காற்புள்ளி விட்டுப்போகும், கோப்பு முழுதும் திறக்காது. அதன்பின் அவர் அதைத் தொடவே மாட்டார். அதே வடிவத்தில் கோப்பு மாதாமாதம் வந்துகொண்டே இருக்கிறது, வாங்கும் பக்கம் நிரல் எழுதுபவர் ஒருவர் இருக்கிறார் என்றால்தான் இந்தச் செலவு திரும்ப வரும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒரே செல் | இரண்டு டேபிள் | ஸ்கீமா |
|---|---|---|---|
| அர்த்தம் மாறிய தேதி | வாக்கியமாக மட்டும் | தனி நெடுவரிசையில் | இடமில்லை |
| பகிர்ந்த பட்டியல் | ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும் | ஒருமுறை போதும் | நெடுவரிசைதோறும் திரும்ப எழுத வேண்டும் |
| நிரலால் சரிபார்ப்பு | பிரிக்கும் குறி ஒழுங்காக இருந்தால் | சிறிய நிரல் எழுதி | உடனே |
| திருத்துபவர் | யாரும் | எக்செல் தெரிந்தவர் | நிரல் தெரிந்தவர் |
| வழக்கமாக நேரும் பிழை | `1-5` தேதியாவது | ஒரு தாள் மட்டும் போவது | அர்த்தம் காணாமல் போவது |

## இந்தப் பதிவேட்டுக்கு என்ன செய்தேன்

இரண்டு டேபிள். அதை முடிவு செய்தது ‘முடிந்தது’ என்ற ஒரே சொல்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் ஒரே செல்லோடு நிறுத்தியிருப்பேன். `yn` பட்டியலை மூன்று முறை எழுதும் சலிப்பு மட்டும் என்னை அசைத்திருக்காது. ஸ்கீமா இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டேன். பின்னால் தேவைப்பட்டால் இரண்டு டேபிளிலிருந்து `enum` பட்டியலை நிரலே எடுத்துக்கொள்ளும். தலைகீழாகப் போனால் அர்த்தங்களை மறுபடி கேட்டு எழுத வேண்டியிருக்கும்.

தரவை மாற்றும்போது ஒரு முடிச்சு விழுந்தது. இடைவெளியைக் களைந்தபின் ‘முடிந்தது’ 408 வரிசைகள். பதிவேட்டில் வந்த தேதிதான் உண்டு, நிலையை எழுதிய தேதி கிடையாது. ஜூன் கடைசியில் வந்த கருவி ஜூலையில் முடிந்திருந்தால் அது பழைய அர்த்தமா புதிய அர்த்தமா என்று சொல்ல முடியாது. 2023 ஜூலை 1-க்கு முன் வந்தவை 362, அவற்றுக்கு `DONE0`. பிந்தைய 46-க்கு `DONE`. எல்லைக்குச் சற்று முன்னால் ஜூன் இறுதியில் வந்தவை 9 இருந்தன. அவற்றை அவரே அலமாரியில் போய்ப் பார்த்தார். இரண்டு அங்கேயே தூசியோடு இருந்தன, அவை மட்டும் `DONE` ஆயின. மற்ற ஏழும் `DONE0` என்றே நிற்கின்றன. கொடுத்திருக்கத்தான் வேண்டும் என்று அவருக்கு உறுதி, ஆனால் பதிவில் இல்லாததால் `GIVEN` என்று மாற்ற நான் ஒத்துக்கொள்ளவில்லை.